கூட வேலை பார்க்கிற தம்பி ராணுவப் பயிற்சிக்குப் போகிறானா? வழியனுப்பும் செய்தியை இப்படி எழுதுங்கள்

ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கிற சின்னப் பையன்களில் பலபேர் ஒரு கண்ணை மெஷினிலும் இன்னொரு கண்ணை ராணுவ ஆள்சேர்ப்பு அறிவிப்பிலும் வைத்திருப்பவர்கள். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போய்க்கொண்டே ஆன்லைன் தேர்வு எழுதி, ராலியில் ஓடி, மெடிக்கல் முடித்து, ஒரு நாள் மெரிட் லிஸ்டில் பேர் வந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்பில் சிங்கம் படமும் தேசியக் கொடியுமாக வாழ்த்து வந்து கொட்டும். இரண்டு நாளில் அதெல்லாம் மேலே போய்விடும். பையன் பயிற்சி மையத்துக்குப் போய்ச் சேரும்போது அந்த வாழ்த்துகளில் ஒன்று கூட அவனோடு இருக்காது, ஏனென்றால் ஆரம்ப வாரங்களில் போன் பெரும்பாலும் அவன் கைக்கே வராது.

அதனால் நான் சொல்கிற வழி வேறு. பேப்பரில், கையால், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். யாருக்கு எழுதுகிறோம் என்பதில் மட்டும் தெளிவாக இருங்கள். நீங்கள் எழுதுவது எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிற வீரனுக்கு இல்லை. இன்னும் நாலைந்து வாரத்தில், தலைமுடி ஒட்ட வெட்டி, உடம்பெல்லாம் வலியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாரக்கில் கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கப் போகிற ஒரு பையனுக்கு. கீழே சொல்கிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

## எதற்குத் தேர்வாகியிருக்கிறான் என்று முதலில் கேளுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன்னால் அவனிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். அக்னிவீராகவா, அதிகாரியாகவா? ராணுவமா, கடற்படையா, விமானப்படையா? பயிற்சி எந்த ஊரில்? "மிலிட்டரிக்கு செலக்ட் ஆயிட்டான்" என்று நாம் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது, இதில் ஒன்று தப்பானாலும் கடிதம் முழுதும் வேறு யாருக்கோ எழுதியது மாதிரி ஆகிவிடும்.

நம் மாவட்டங்களிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் அக்னிவீர். 2022 ஜூன் மாதம் அறிவித்த அக்னிபத் திட்டத்தின்படி பயிற்சிக் காலத்தையும் சேர்த்து மொத்தம் நான்கு வருடம். அதன் முடிவில் அந்தத் தொகுதியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்வார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் "கவர்மென்ட் வேலை கிடைச்சாச்சு, இனி லைஃப் செட்டில்" என்று எழுதினால், வாங்கிப் படிக்கிற பையன் சிரித்துக்கொண்டே மடித்து வைப்பான், ஆனால் அவனும் அவன் வீட்டாரும் ராத்திரி தூங்காமல் பேசியதே அந்த நாலு வருடத்துக்கு அப்புறம் என்ன என்பதைப் பற்றித்தான். திட்டத்தை அறிவித்தபோது சொன்ன கணக்குப்படி முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் சேவை நிதிக்குப் பிடித்தது போக 21,000 கையில், அரசும் அதே அளவு போட்டு நாலு வருட முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். இந்த எண்களைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் "செட்டில்" என்ற சொல்லும் எழுதமாட்டீர்கள், "நாலு வருஷம்தானே" என்றும் எழுதமாட்டீர்கள். இரண்டாவது இன்னும் மோசம்.

இடத்தைக் கேட்பதும் முக்கியம். தமிழ்நாட்டுப் பையன் என்றாலே குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கிற வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே போகிறவர்கள் நிறைய, ஆனால் எல்லாரும் இல்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் பிரிவின் மையம் பெங்களூருவில் இருக்கிறது, ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான், நம்மில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கப் போகிற ஊர். பீரங்கிப் பிரிவு என்றால் ஹைதராபாத்தோ நாசிக்கோ. கடற்படை அக்னிவீர் ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவுக்குப் போவான், விமானப்படை என்றால் கர்நாடகாவின் பெலகாவி. பெங்களூருக்குப் போகிறவனுக்கு "கண்காணாத தூரம்" என்று எழுதி, சில்காவுக்குப் போகிறவனுக்கு "இங்கேதானே, அடிக்கடி வந்துடுவே" என்று எழுதினால் எப்படி இருக்கும்?

யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு எழுதி, ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகத்தில் தேறி அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறவர் என்றால் கதையே வேறு. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி என்றால் 49 வாரம். அவர்களுக்கும் இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் பொருந்தும், ஆனால் அக்னிவீராகப் போகிற பையனை "லெப்டினன்ட் சார்" என்று பேனரில் போடுவது அவனுக்குத்தான் சங்கடம். பயிற்சி மையத்தில் அவன் பெயர் ரெக்ரூட். ராணுவ அக்னிவீர் பயிற்சி சுமார் 31 வாரம், ஏழு மாதம். அது முடிந்து கசம் பரேடில் உறுதிமொழி எடுத்த பிறகுதான் அவன் தன் படைப்பிரிவில் போய் நிற்கிறான்.

பெண் பிள்ளை என்றால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ராணுவத்தில் பெண் அக்னிவீர்கள் மிலிட்டரி போலீஸ் பிரிவுக்கு எடுக்கப்படுகிறார்கள், பயிற்சி மையம் பெங்களூருவில். "பொண்ணா இருந்தும் சாதிச்சிட்டே" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அவளும் மெடிக்கல் வரைக்கும் போய்த் தேறியவள், அவள் ஓடியதைப் பார்த்திருந்தால் அதை எழுதுங்கள்.

## நீங்கள் கண்ணால் பார்த்ததைத் தேடி எடுங்கள்

கடிதத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, அதனால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். அவனுடைய அம்மாவுக்குத் தெரியாத, ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சம்பவம் இருக்கும். கூட வேலை பார்த்தவன் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். வீரம், தேசபக்தி, தியாகம் எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

எப்படித் தேடுவது? "நல்ல பையன்" என்று மனசில் வந்தால் அதோடு நிற்காமல், எந்த நாளில், எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று உங்களையே கேளுங்கள். எங்கள் லைனில் தரம் பார்க்கிற வேலையில் இருந்த ஒரு பையன், பாலக்கோடு பக்கம், வெலிங்டனுக்குத் தேர்வானான். அவனைப் பற்றி எல்லாரும் சொன்னது "அமைதியான பையன்". கடிதத்துக்கு அது போதாது. யோசித்துப் பார்த்தபோது ஞாபகம் வந்தது இது. தீபாவளிக்கு முந்தின வாரம், டெஸ்பாட்ச் லாரி கேட்டில் நிற்கிறது, சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவன் துளையின் அளவு சரியா என்று பார்க்கிற பிளக் கேஜை எடுத்துத் துளைக்குள் விட்டுப் பார்க்கிறான். கோ முனை போனது, சரி. சிவப்பு வளையம் போட்ட நோ-கோ முனையும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. போகவே கூடாது. அடுத்த பீஸ், அதற்கடுத்த பீஸ், எல்லாம் அப்படியே. டிரே முழுக்கச் சிவப்புச் சீட்டு ஒட்டினான். "நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றான், அவ்வளவுதான், சத்தமும் போடவில்லை, வாதாடவும் இல்லை. பிறகு பார்த்தால் மெஷினில் ஆஃப்செட் தப்பாக மாறியிருந்தது.

இப்படி ஒரு சம்பவம் கிடைத்தால் கடிதத்தில் பாதி எழுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் அவன் தேர்வுக்குத் தயாரான விதம். ராலியில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் தொங்கி பத்துத் தடவை ஏறினால் முழு மதிப்பெண், 9 அடி பள்ளம் தாண்டுவது, இதெல்லாம் உண்டு. கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே இதற்குப் பயிற்சி எடுப்பது என்றால், நைட் ஷிப்ட் முடிந்து எல்லாரும் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கும்போது ஒருத்தன் மட்டும் ஏரிக்கரையில் இறங்கி ஷூவை மாட்டுகிறான் என்று அர்த்தம். அதைப் பார்த்தவர் நீங்கள்தானே? எழுதுங்கள். முதல் தடவை தேறாமல் வந்து மறுபடி முயற்சி செய்தவன் என்றால் அதையும் எழுதலாம், ஆனால் அவன் குழுவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தால் மட்டும். சிலர் ராலிக்குப் போனதையே வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

## முதல் வரைவை எழுதி, ஒவ்வொரு வரியாக அடியுங்கள்

குரூப்பில் வழக்கமாக வருகிற வாழ்த்து ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எல்லையைக் காக்கப் புறப்படும் எங்கள் சிங்கமே! இனி உனக்குக் கவலை இல்லை, வாழ்க்கை செட்டில். உயிரைத் துச்சமென மதித்துத் தாய்நாட்டைக் காக்கப் போகும் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறோம். எங்களை மறந்துவிடாதே. ஜெய்ஹிந்த்!"

மனசார எழுதியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கட்டிலில் உட்கார்ந்து படிக்கப் போகிறவனை மனசில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லை: அவன் போவது பயிற்சிக்கு, அங்கே முதல் வேலை விடியற்காலை எழுந்து படுக்கையைச் சரியாக மடித்து ஓடுவது. செட்டில்: மேலே சொன்னதுதான். உயிரைத் துச்சமென மதித்து: இந்தக் கடிதத்தை அவன் வீட்டில் யாராவது சத்தம் போட்டுப் படிப்பார்கள், அவன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஏற்கெனவே அந்தப் பயத்தை வெளியே சொல்லாமல் முழுங்கிக்கொண்டிருக்கிற அம்மாவின் காதில் உயிர், மரணம், தியாகம், ரத்தம் எதுவும் விழக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு.

எங்களை மறந்துவிடாதே: போன் இல்லாமல் இருக்கப் போகிறவனிடம் தொடர்பில் இருக்கிற பொறுப்பைக் கொடுப்பது சரியில்லை. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெய்ஹிந்த் மட்டும் இருக்கட்டும். ராணுவத்தில் நாள் முழுக்கப் புழங்குகிற வணக்கம் அது, கடைசி வரியில் அழகாக நிற்கும்.

ஒன்று விட்டுப்போனது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்குப் போகிறான் என்று தெரிந்தால் யாராவது ஒருத்தர் "வீர மதராசி, அடி கொல்லு" என்ற அவர்களுடைய போர்முழக்கத்தைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்வார். வேண்டாம். அதை அவன் அங்கே போய், அந்த வரிசையில் நின்று, தொண்டை கிழியச் சொல்லிக் கற்றுக்கொள்ளட்டும். நாம் கம்பெனி வாசலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது அல்ல.

அடித்தது போக மீதியை எப்படிக் கட்டுவது என்பதற்கு, அந்தப் பாலக்கோட்டுத் தம்பிக்குக் கடைசியில் போன கடிதம் இது:

"தம்பிக்கு,

தீபாவளிக்கு முந்தின வாரம் லாரி கேட்டில் நின்றபோது டிரே முழுக்கச் சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்தினாயே, அன்றைக்கு நம் லைனில் இருந்த எல்லாருக்கும் உன்மேல் ஒரு மரியாதை வந்தது. உன்னிடம் நேராக யாரும் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

நைட் ஷிப்ட் முடிந்து நாங்கள் பஸ்ஸில் தூங்க, நீ ஏரிக்கரையில் இறங்கி ஓடப் போவாய். மழைநாளில் கூட நீ இறங்காமல் வீட்டுக்குப் போனதை நான் பார்த்ததில்லை. டிரைவர் அண்ணனே அந்த இடம் வந்தால் கேட்காமல் பிரேக் போட ஆரம்பித்துவிட்டார்.

வெலிங்டனில் முதல் சில வாரம் கஷ்டமாக இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். குளிர், புது ஆட்கள், புது பாஷை. கஷ்டமாக இருந்தால் கஷ்டமாக இருக்கிறது என்று எனக்கு எழுது, நான் உன் வீட்டில் போய்ச் சொல்ல மாட்டேன்.

உன் ரிலீவிங் லெட்டரும் பி.எஃப். பேப்பரும் வந்ததும் நானே வாங்கி உன் அண்ணனிடம் கொடுக்கிறேன். அதை நீ நினைக்கவே வேண்டாம்.

அட்ரஸ் கிடைத்ததும் முதல் லெட்டர் நான் போடுகிறேன். பதில் எழுத நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை, அடுத்ததும் வரும். லீவில் வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வா.

ஜெய்ஹிந்த்."

இதில் முதல் இரண்டு பத்தியும் பார்த்த விஷயம். மூன்றாவதில் பயிற்சி கஷ்டம் என்று மறைக்காமல் சொல்லியிருக்கிறது, ஆனால் "நீ சமாளித்துவிடுவாய்" என்று உறுதி சொல்லவில்லை. ஏன் என்றால், சமாளிக்க முடியாத ஒரு நாள் வரும்போது அந்த வரி அவனுக்குப் பாரமாகிவிடும். அதற்குப் பதிலாக எழுதுவதற்கு ஓர் ஆளைக் கொடுத்திருக்கிறது. நான்காவது ஒரு வேலை, செய்யக்கூடிய வேலை. திடீரென்று அழைப்பு வந்து, அவசர அவசரமாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற பையன்களுக்கு ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், லாக்கர் சாவி, ஐ.டி. கார்டு ஒப்படைப்பு என்று ஏதாவது ஒன்று பாதியில் நிற்கும். நாலு வருடம் கழித்து வேறு வேலை தேடும்போது அந்த அனுபவச் சான்றிதழ் வேண்டியிருக்கும். இதில் ஒன்றை நீங்கள் ஏற்றுக்கொண்டு எழுதினால் பத்து வாழ்த்துக்குச் சமம். செய்ய முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள்.

"திரும்பி வந்தால் உன் வேலை ரெடியா இருக்கும்" என்று எழுதாதீர்கள். அந்த வாக்கைக் கொடுக்க வேண்டியது மேனேஜ்மென்ட், நாம் இல்லை. நம் வீட்டுச் சாப்பாட்டை நாம் தாராளமாகக் கொடுக்கலாம்.

நீளம் இந்த அளவு போதும். சத்தமாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். ஓசூர், பாகலூர் பக்கப் பையன்களில் பலருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேச்சு. அப்படிப்பட்டவன் என்றால் தமிழ் படிக்க அவனுக்குச் சுலபமா என்று பார்த்து, கடைசி வரியை மட்டுமாவது அவன் வீட்டுப் பாஷையில் தெரிந்தவரைக் கொண்டு எழுத வையுங்கள்.

## குரூப்பில் போடுவது தனி, கையில் கொடுப்பது தனி

மேலே இருக்கிற கடிதத்தில் வெலிங்டன் என்று இருக்கிறது. அது அவன் கையில் கொடுக்கிற பேப்பர், அதனால் பரவாயில்லை. அதையே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடக்கூடாது. போன் வழியாகத் தகவல் கசிவதைப் பற்றி ராணுவம் எவ்வளவு கவலைப்படுகிறது என்பதற்கு ஒரு உதாரணம், 2020 ஜூலையில் பேஸ்புக் உட்பட 89 ஆப்களைப் போனிலிருந்து நீக்கிவிடும்படி தன் ஆட்களுக்குச் சொன்னது. பொய்யான பெயரில் நட்பு கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் கறக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முதல் நூல் இப்படிப்பட்ட வாழ்த்துப் பதிவிலிருந்தே கிடைத்துவிடலாம்.

ஆகவே பொதுவில் போடும் செய்தியில் இந்த நாலும் இருக்கக்கூடாது: அழைப்புக் கடிதத்தின் படம், பதிவெண், எந்த மையத்துக்குப் போகிறான் என்பது, எந்த நாள் எந்த ரயில் என்பது. கம்பெனிக்குள் எடுத்த படமும் வேண்டாம், அது வேறு பிரச்சினை. "நம்ம லைன் தம்பி ராணுவப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறான், வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் எல்லாரும் வாங்க" என்கிற அளவு குரூப்புக்குப் போதும். அதைப் போடும் முன்னாலும் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டி ஏறும் வரைக்கும் ஊரில் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு, அதை மதிக்க வேண்டும்.

## எல்லாரிடமும் ஒரு வரி வாங்குவது

மூன்று ஷிப்ட் ஓடுகிற இடத்தில் எல்லாரையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. ஒரு தாளை எடுத்து, மேலே உங்கள் கடிதம், பின்பக்கம் காலியாக விட்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் டைம் ஆபீஸ் பக்கம் நம்பிக்கையான ஒருத்தரிடம் கொடுத்துவிடுங்கள். வெறும் கையெழுத்து வேண்டாம், ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என்ன எழுதுவது என்று திகைத்து நிற்பார்கள், நிறையப் பேர் "ஆல் தி பெஸ்ட்" போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அவனோட கடைசியா எதுக்குச் சிரிச்சீங்க?" அதை எழுதச் சொல்லுங்கள். கேன்டீன் அக்கா எழுதிய "இனி யாரு எங்கிட்ட ரெண்டாவது தடவை சாம்பார் கேப்பா" என்ற வரிதான் அந்தத் தம்பி திரும்பத் திரும்பப் படித்தது என்று அவன் அண்ணன் சொன்னார்.

தாளை லேமினேட் செய்து ஃபிரேம் போட்டுக் கொடுக்க யாராவது கிளம்புவார்கள், தடுத்துவிடுங்கள். கேடயம், பெரிய போட்டோ, சால்வை எதுவும் அவன் டிரங்குப் பெட்டிக்குள் போகாது, வீட்டுப் பரணில்தான் போய் உட்காரும். நாலாக மடித்தால் பாஸ்புக்குக்குள் வைக்கிற அளவில் இருக்கட்டும். காசு திரட்டியிருந்தால், அழைப்புக் கடிதத்தோடு கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியல் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு, அதில் வாங்காமல் விட்டதை வாங்கிக் கொடுங்கள், மீதியைக் கவரில் போட்டு அவன் அம்மாவிடம் கொடுங்கள். என்னைக் கேட்டால் அதோடு தபால் ஆபீஸில் கிடைக்கிற இன்லேண்ட் லெட்டர் பத்து வாங்கி, ஐந்தில் அவன் வீட்டு விலாசமும் ஐந்தில் உங்கள் விலாசமும் எழுதியே கொடுத்துவிடுவேன். பத்து நிமிடம் ஓய்வு கிடைக்கும்போது நாலு வரி எழுதிப் போட வேண்டியதுதான் அவன் வேலை.

கொடுக்கும் நேரத்தையும் யோசியுங்கள். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஊரில் குலதெய்வம் கோவில், சொந்தக்காரர் வீடு, பட்டாசு, பேனர் என்று கடைசி இரண்டு நாள் அவன் அவனுடையவனாகவே இருக்கமாட்டான். வேலையை விட்டு விடுபடும் நாளில், கேன்டீனில் டீயோடு கொடுப்பது சரி. படித்துக் காட்டச் சொன்னால் முதல் இரண்டு பத்தியை மட்டும் படியுங்கள், "கஷ்டமாக இருந்தால் எனக்கு எழுது" என்பது கூட்டத்துக்கு நடுவில் கேட்க வேண்டிய வரி இல்லை.

## போன பிறகு

சொன்னபடி முதல் கடிதம் நீங்கள் போட வேண்டும். விலாசத்தை இணையத்தில் தேடி எழுதாதீர்கள். அவன் போய்ச் சேர்ந்து, நம்பர் கொடுத்து, படையில் எந்தக் கம்பெனி, எந்தப் பிளட்டூன் என்று பிரித்த பிறகு வீட்டுக்குச் சொல்லுவான். அவன் எழுதுகிற வரிசையிலேயே, எண்ணோ இடமோ எதையும் மாற்றாமல் எழுதினால்தான் ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவில் கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேரும்.

என்ன எழுதுவது? ஊர் நியாயம்தான். புது சூப்பர்வைசர் எப்படி, அவன் இடத்தில் யார் உட்காருகிறார்கள், கிருஷ்ணகிரியில் இந்த வருடம் மாங்காய் விலை எப்படிப் போனது, கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறந்தார்களா, பஸ் டிரைவர் அண்ணன் ஏரிக்கரை வந்தால் இன்னும் பழக்கத்தில் பிரேக் போடுகிறாரா. அறிவுரை வேண்டாம். அதைச் சொல்வதற்கு அங்கே பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் இருக்கிறார், விடியற்காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பயிற்சி முடிவில் கசம் பரேடுக்கு அப்பா அம்மாவுக்கு அழைப்பு வரும், பெற்றோருக்குக் கௌரவ பதக்கம் குத்துவார்கள். வெலிங்டன் என்றால் நம் பக்கத்திலிருந்து சேலம், கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏற வேண்டும், இதுவரை ஊரைத் தாண்டாத அம்மாவுக்கு அது பெரிய பயணம். யாராவது ஒருத்தர் லீவு போட்டுக் கூடப் போனால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி. உள்ளே எத்தனை பேரை விடுவார்கள் என்று அவனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் பயிற்சி முடிவதில்லை. காலில் எலும்பு விரிசல் விட்டு, அல்லது வேறு மருத்துவக் காரணத்தால் தொகுதியிலிருந்து பின்தங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருத்தன் திரும்பி வந்தால் ஊரில் பேனர் கட்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவனும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டான். நீங்கள் முதலிலேயே சிங்கம், செட்டில், எல்லை என்றெல்லாம் எழுதாமல் இருந்தால் உங்களைப் பார்க்க மட்டும் அவனுக்கு வெட்கமாக இருக்காது. அப்போது எழுத வேண்டிய செய்தி ஒரு வரிதான், போனிலேயே அனுப்பலாம்: "தம்பி, நீ வந்துட்டதா கேள்விப்பட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா, அம்மாவையும் கூட்டிட்டு வா." என்ன ஆச்சு என்று அதில் கேட்காதீர்கள். அவன் பதில் போடவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே போய் அழைத்து வாருங்கள்.